‘போலத் தெரிகிறது’ என்று கருவி சொன்னால் என்ன அர்த்தம்?

பார்வையற்ற ஒருவர் மருந்துப் புட்டியைக் கைபேசியில் படம் எடுத்து, “இது எப்போது காலாவதியாகிறது?” என்று ஒரு படவிளக்கக் கருவியிடம் கேட்கிறார். அன்றைக்கு 2026 ஜூலை நடுவாக்கில் என்று வைத்துக்கொள்வோம். புட்டியில் அச்சாகியிருப்பது 08/2026. ஆனால் மாதத்தின் இரண்டாவது இலக்கத்தின் மேல் விளக்கு வெளிச்சம் பட்டு, அந்த இடம் வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. அது 8 என்றால் மருந்தை இன்னும் குடிக்கலாம். 6 என்றால் போன மாதமே காலாவதியாகிவிட்டது.

கருவி இதற்கு மூன்று விதமாகப் பதில் சொல்லலாம். ஒன்று: “காலாவதி தேதி 06/2026.” இரண்டு: “காலாவதி தேதி 06/2026 போலத் தெரிகிறது.” மூன்று: “ஆண்டு 2026 என்பது தெளிவாக இருக்கிறது. மாதத்தின் இரண்டாவது இலக்கத்தின் மேல் வெளிச்சம் பட்டிருக்கிறது. அது 6 ஆகவும் இருக்கலாம், 8 ஆகவும் இருக்கலாம்.”

முதல் பதில் தப்பு. அதில் பேச ஒன்றுமில்லை. இரண்டாவது பதில் பார்வைக்கு நேர்மையானதுபோல இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டவருக்கு என்ன கிடைத்தது? ஐயம் ஆண்டிலா, மாதத்திலா, அல்லது அது காலாவதி தேதிதானா தயாரிப்பு தேதியா என்பதிலா? எதுவும் தெரியவில்லை. அடுத்து என்ன செய்வது என்றும் தெரியவில்லை. மூன்றாவது பதிலைக் கேட்டவர் புட்டியைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு படம் எடுப்பார், வேலை முடிந்தது. ஐயச்சொல் ஒன்றைச் சேர்த்துவிட்டால் கருவி நேர்மையாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தின் எந்தப் பகுதி, எதனால் தெளிவில்லை என்பதோடு ஒட்டி வராத ஐயச்சொல் கேட்பவருக்கு உதவுவதே இல்லை.

இந்தச் சொற்கள் படவிளக்கத்துக்குள் எப்படி வந்தன என்பதைப் பார்த்தால் காரணம் புரியும். 2016 ஏப்ரலில் ஃபேஸ்புக், திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துவோருக்காகப் படங்களுக்குத் தானாகவே விளக்கம் எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அதற்குத் தெரிந்தவை சுமார் 100 விஷயங்கள்தான்: கார், மரம், பனி, வானம், மூக்குக்கண்ணாடி, சிரிப்பு, பீட்சா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு வைத்தார்கள். குறைந்தது 80 சதவீதம் நம்பலாம் என்ற அளவைத் தாண்டினால்தான் அந்தப் பெயர் விளக்கத்தில் சேரும். அப்புறம் எல்லா விளக்கமும் “இந்தப் படத்தில் இவை இருக்கலாம்” என்ற பொருளில் ஒரே தொடரில் ஆரம்பிக்கும். 2021 தொடக்கத்தில் அந்த 100 விஷயங்கள் 1,200-க்கு மேல் போயின, தொடரும் கொஞ்சம் மாறியது, ‘இருக்கலாம்’ மட்டும் அப்படியே நின்றது.

அப்படிச் செய்ததில் ஒரு நியாயம் உண்டு. கருவி தவறக்கூடும் என்பதைக் கேட்பவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நினைத்தார்கள். ஆனால் வரம்பை மயிரிழையில் தாண்டிய பொருளுக்கும் அதே ‘லாம்’, சந்தேகத்துக்கே இடமில்லாத பொருளுக்கும் அதே ‘லாம்’. ஒரு நாளைக்கு நூறு படம் கேட்பவரின் காதில் அந்தச் சொல் சீக்கிரமே விழாமல் போய்விடும். எல்லா வாக்கியத்திலும் வரும் சொல், எந்த வாக்கியத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

அதே 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கேப்ஷன்பாட் என்ற படவிளக்கக் கருவி வேறு வழியில் போனது. அது முழு விளக்கத்துக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, அதற்கு ஏற்ப முன்னுரையை மாற்றியது. மதிப்பெண் நன்றாக இருந்தால் “இது இன்னது என்று நினைக்கிறேன்”. குறைந்தால் “எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை, ஆனால் இது இன்னது என்று நினைக்கிறேன்”. இது ஒரு படி மேல். ஐயத்தின் அளவுக்கும் சொல்லுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. குறை என்னவென்றால் மதிப்பெண் ஒன்றே ஒன்று. ‘இரவில் ஒருவர் ஸ்கேட்போர்டில் வித்தை காட்டுகிறார்’ என்ற வாக்கியத்தில் இரவு என்பது உறுதியாக இருக்கலாம், ஆள் இருப்பதும் உறுதியாக இருக்கலாம், ஸ்கேட்போர்டு மட்டும் முழுக்கக் கற்பனையாக இருக்கலாம். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஐயம் முன்னால் நிற்கும்.

இன்றைய கருவிகளில் நிலைமை இன்னொரு விதமாகச் சிக்கலாகியிருக்கிறது. இப்போது படத்தைப் பார்க்கும் பகுதியும் மொழியை எழுதும் பகுதியும் ஒரே ஏஐ மாடலாகப் பின்னப்பட்டிருக்கின்றன. ‘போலத் தெரிகிறது’ என்பதை மதிப்பெண்ணைப் பார்த்து யாரும் ஒட்டுவதில்லை. மற்ற எல்லாச் சொற்களையும்போல, அடுத்து என்ன சொல் வந்தால் பொருந்தும் என்ற கணக்கில் அதுவும் வந்து விழுகிறது.

மருந்துப் புட்டிக்கே திரும்பி, அந்த எட்டுக்கு உள்ளே என்ன ஆகிறது என்று நெருங்கிப் பார்ப்போம். எண்களோடு சொல்வதற்காக, அமைப்பு வெளிப்படையாகத் தெரிந்த மாடல் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: 2023-இல் வந்த லாவா 1.5. அது படத்தை 336 பிக்சல் அகலமும் 336 பிக்சல் உயரமும் உள்ள சதுரமாகச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்கும். அந்தச் சதுரத்தை 14 பிக்சல் பக்கமுள்ள சிறு கட்டங்களாகப் பிரிக்கும். வரிசைக்கு 24 கட்டம், மொத்தம் 576. ஒவ்வொரு கட்டமும் ஓர் எண்தொடராக மாறி மொழிப்பகுதிக்குப் போகும்.

கைபேசிப் படம் 4000-க்கு 3000 பிக்சல் என்று கொள்வோம். அதில் தேதியின் ஒவ்வோர் இலக்கமும் 40 பிக்சல் உயரமும் சுமார் 24 பிக்சல் அகலமும் இருக்கிறது. கண்ணுள்ள ஒருவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் 4000 பிக்சல் 336 ஆகும்போது எல்லாமே ஏறக்குறைய 12 மடங்கு சுருங்குகிறது. 40 பிக்சல் உயர இலக்கம் மூன்று பிக்சல் சொச்சத்துக்கு வந்துவிடும். 08/2026 என்ற ஏழு குறிகளும் சேர்ந்து 168 பிக்சல் அகலத்திலிருந்து 14 பிக்சலுக்கு வந்துவிடும். ஒரு கட்டத்தின் அகலமே 14 பிக்சல்தான். ஆக, ஒருவர் மருந்து குடிப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் தேதி முழுவதும் 576 கட்டங்களில் ஒன்றிலோ இரண்டிலோ அடங்கிவிடுகிறது. 6-க்கும் 8-க்கும் வித்தியாசம் மேல்பக்க வலது ஓரம் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது மட்டுமே. மூன்று பிக்சல் உயரத்தில் அந்த வித்தியாசம் ஒரு பிக்சலின் சாயல் அளவுக்குக்கூட மிஞ்சாது.

பிறகு வந்த பல மாடல்கள் பெரிய படத்தைத் துண்டுகளாக வெட்டி ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பார்க்கின்றன, அதனால் சிற்றெழுத்து வாசிப்பு நன்றாக முன்னேறியிருக்கிறது. ஆனாலும் ஏதோ ஓர் அளவில் சுருக்கம் நடக்கத்தான் செய்கிறது.

இதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுருக்கம் நடந்தது மாடலுக்குத் தெரியாது. தன் கைக்கு வந்தது மங்கல் என்பதை மட்டும் வைத்து அது “படம் தெளிவாக இல்லை” என்று சொல்லக்கூடும். உண்மையில் படம் தெளிவாகத்தான் இருந்தது; எடுத்தவர்மேல் குற்றமில்லை. அவரோ கை நடுங்கிவிட்டதோ என்று நினைத்து, அதே தூரத்திலிருந்து மறுபடி மறுபடி எடுத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் அதே 12 மடங்கு சுருக்கம், அதே மங்கல். ஐயத்தின் காரணத்தைத் தவறாகச் சொன்னால் கேட்பவரைத் தவறான வேலையில் இறக்கிவிடுவோம். “எழுத்து சின்னதாக இருக்கிறது, இன்னும் கிட்டே வைத்து எடுங்கள்” என்ற ஒரு வரி இந்த இடத்தில் பத்து ‘போலத் தெரிகிறது’களுக்குச் சமம்.

சரி, இனி எழுதும் கட்டம். மாடல் “0” என்று எழுதிவிட்டு அடுத்த இலக்கத்துக்கு வருகிறது. அந்த இடத்தில் அதன் கணக்கு, பேச்சுக்காகச் சொல்கிறேன், 6-க்கு 48 சதவீதம், 8-க்கு 44, மற்றவற்றுக்கு 8 என்று நிற்கிறது. ஏறக்குறைய காசு சுண்டிப் பார்ப்பதுதான். ஆனால் எழுத்தில் ஒன்றுதான் வர முடியும். 6 வருகிறது. வந்த பிறகு, அது 48-க்கு வந்ததா 99-க்கு வந்ததா என்பது எழுத்தில் எங்கும் இல்லை. தமிழ் வாக்கியத்தில் ஐயச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அந்த இடத்துக்கு வந்து சேரும்போது முன்னால் கெட்டியாக ‘06/2026’ என்று நிற்கிறது. 6-க்கும் 8-க்கும் நடந்த இழுபறியின் சுவடு மாடலின் உள்ளே இருக்கலாம். அதைச் சொல்லாக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அமைப்பில் கிடையாது. அடுத்த வாக்கியம் இன்னும் மோசம்: “எனவே இந்த மருந்து காலாவதியாகிவிட்டது, பயன்படுத்த வேண்டாம்.” அதில் ஐயமே இல்லை. அரைகுறையாகப் படித்த ஓர் இலக்கம், இரண்டு வாக்கியம் தள்ளி, உறுதியான அறிவுரையாக நிற்கிறது.

அப்படியானால் ‘போலத் தெரிகிறது’ எங்கே வருகிறது? பெரும்பாலும் பழக்கப்பட்ட இடங்களில். இதைப் புரிந்துகொள்ள மாடல் எதைப் படித்து வளர்ந்தது என்று பார்க்க வேண்டும். படவிளக்க ஆராய்ச்சியில் மிக அதிகமாகப் பயன்பட்ட கோகோ என்ற படத்தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து மனிதர்கள் ஆளுக்கொரு விளக்கம் எழுதினார்கள். முக்கியமான பகுதிகளை எல்லாம் விவரியுங்கள், முன்னால் என்ன நடந்திருக்கும் பின்னால் என்ன நடக்கும் என்று ஊகிக்காதீர்கள், ஆட்களுக்குப் பெயர் வைக்காதீர்கள் என்ற மாதிரியான விதிகளோடு எழுதியவை அவை. எழுதியவர்கள் படத்தை நன்றாகப் பார்க்க முடிந்தவர்கள். அவர்களுக்கு ஐயம் வர வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. ‘ஒரு நாய் புல்வெளியில் ஓடுகிறது’ என்று எழுதினார்கள், அவ்வளவுதான். இப்படி லட்சக்கணக்கான உறுதியான வாக்கியங்களைப் படித்த மாடலுக்கு, தெளிவில்லாத படத்தைப் பார்த்தாலும் உறுதியாக எழுதும் கை வந்துவிடுகிறது.

இதற்கு மேல் இரண்டாம் கட்டப் பயிற்சி வருகிறது. மனிதர்களைப் பற்றிப் பேசும்போது எச்சரிக்கையாக இரு, வயது, மனநிலை, உறவு, யார் என்பது பற்றியெல்லாம் அடித்துச் சொல்லாதே என்று அதில் கற்றுக்கொடுக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதன் விளைவாக, ஐயச்சொல் படத்தின் தெளிவோடு ஒட்டாமல் பேசுபொருளோடு ஒட்டிக்கொள்கிறது. வாய் நிறையச் சிரிப்பவரைக் காட்டினால் “சிரிப்பதுபோலத் தெரிகிறது” என்கிறது. வெளிச்சத்தில் பாதி அழிந்துபோன தேதியைக் காட்டினால் ‘06/2026’ என்று பட்டென்று சொல்கிறது. தேவையற்ற இடத்தில் தயக்கம், தேவைப்படும் இடத்தில் துணிச்சல்.

மாடலின் உள்ளே இருக்கும் நிகழ்தகவு நம்பத்தகுந்ததா என்பது தனிக் கேள்வி. 2023 மார்ச்சில் வந்த ஜிபிடி-4 தொழில்நுட்ப அறிக்கையில் இதற்கு ஒரு வரைபடம் உண்டு. அது படங்களைப் பற்றியதல்ல, எழுத்துத் தேர்வுக் கேள்விகளைப் பற்றியது. முதல் கட்டப் பயிற்சி முடிந்த நிலையில் மாடல் ஒரு விடைக்குத் தந்த நிகழ்தகவும் அந்த விடை சரியாக அமைந்த விகிதமும் கிட்டத்தட்டப் பொருந்தி வந்தன. மனிதர்களோடு உரையாடுவதற்கான பயிற்சிக்குப் பிறகு அந்தப் பொருத்தம் குலைந்தது. பேசக் கற்றுக்கொடுத்ததில் தன் ஐயத்தை அளக்கும் திறன் கெட்டுவிட்டது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

பேசாமல் சதவீதத்தையே சொல்லச் சொன்னால் என்ன என்று தோன்றும். சொற்களுக்கு ஆளுக்கொரு அளவு என்பது பழைய தொந்தரவு. 1951-இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டாளர்கள் யூகோஸ்லாவியா தாக்கப்படும் ‘பலமான சாத்தியம்’ உண்டு என்று எழுதினார்கள். அந்தக் குழுவில் இருந்த ஷெர்மன் கென்ட் பிறகு சக மதிப்பீட்டாளர்களையே விசாரித்தார். சேர்ந்து எழுதிய அந்தச் சொல்லுக்கு அவர்கள் மனதில் இருந்த அளவு 20 சதவீதத்திலிருந்து 80 வரை சிதறிக் கிடந்தது. பருவநிலை மாற்றத்துக்கான ஐபிசிசி அறிக்கைகள் இதனால்தான் ஒவ்வொரு சொல்லுக்கும் எண் கட்டி வைத்திருக்கின்றன. அவற்றில் ‘சாத்தியம் உண்டு’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘மிகவும் சாத்தியம்’ என்றால் 90-க்கு மேல். ஆனால் இன்றைய மொழி மாடல்களிடம் எண் கேட்டால் அவை பெரும்பாலும் 80-க்கும் 100-க்கும் நடுவே, 85, 90, 95 என்று உருண்டையான எண்களையே சொல்கின்றன. மனிதர்கள் அப்படிப் பேசுவதைப் படித்து அவையும் அப்படிப் பேசுகின்றன. அந்த 90-க்குப் பின்னால் அளவீடு எதுவும் இருப்பதாக எடுத்துக்கொள்ள முடியாது. அதிலும் மருந்துப் புட்டி விஷயத்தில், ‘6 என்பதற்கு 48 சதவீதம்’ என்று கேட்டவர் அதை வைத்து என்ன செய்வார்? ‘6 அல்லது 8’ என்பதுதான் அவருக்குப் பயன்படும்.

கேட்பவர் பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கணினி எழுதும் படவிளக்கங்களைப் பார்வையற்றோர் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று சமூக ஊடகப் படங்களை வைத்துப் பார்த்தது. அவர்கள் விளக்கங்களை நிறையவே நம்பினார்கள். விளக்கமும் பதிவின் வாசகமும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தபோதுகூட, கருவி தவறு என்று முடிவுக்கு வராமல், இரண்டையும் இணைக்கும் ஒரு கதையைத் தாங்களே மனதில் இட்டு நிரப்பிக்கொண்டார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. நிரப்பும் வேலை எல்லாம் கேட்பவர் தலையில். ஐயத்தை எப்படிச் சொல்வது என்பதிலும் அந்த ஆய்வு வித்தியாசம் கண்டது. ‘இது சரியாக இருக்க வாய்ப்புண்டு’ என்ற பாணியைவிட ‘இது தவறாக இருக்க வாய்ப்புண்டு’ என்ற பாணிதான் கேட்பவரைத் தேவையான அளவுக்குச் சந்தேகப்பட வைத்தது. கணக்கில் இரண்டும் ஒரே செய்தி, ஆனால் காதில் விழும்போது ஒன்றல்ல.

‘நினைக்கிறேன்’ என்பதற்கும் ‘தெரிகிறது’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பற்றி 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. 404 பேரிடம் மருத்துவக் கேள்விகளும் ஒரு கற்பனை ஏஐ தேடல் கருவியின் பதில்களும் கொடுக்கப்பட்டன. சில பதில்கள் “எனக்கு உறுதியில்லை, ஆனால்…” என்று தன்மையில் தொடங்கின. சில “இது தெளிவாகத் தெரியவில்லை, ஆனால்…” என்று பொதுவாகத் தொடங்கின. தன்மையில் சொன்னபோது மக்கள் கருவியோடு கண்ணை மூடிக்கொண்டு ஒத்துப்போவது குறைந்தது, அவர்கள் தந்த விடைகளின் துல்லியமும் கூடியது. பொதுவாகச் சொன்னபோது அதே போக்கு பலவீனமாக இருந்தது, புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. அது படங்களை வைத்துச் செய்த ஆய்வல்ல என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஆனாலும் காரணத்தை ஊகிக்க முடிகிறது. ‘தெளிவாக இல்லை’ என்றால் குறை விஷயத்தில் இருக்கிறது, கருவி தன்னால் ஆனதைச் செய்துவிட்டது என்று படுகிறது. ‘எனக்கு உறுதியில்லை’ என்றால் சொல்பவரையே சந்தேகிக்கத் தோன்றுகிறது.

இதை வைத்து எல்லா இடத்திலும் ‘நினைக்கிறேன்’ என்று போட்டுவிடலாமா என்றால், கூடாது என்பது என் கருத்து. படங்களில் ஐயம் வரும் வழிகள் ஒன்றல்ல. புட்டியின் மேல் வெளிச்சம் பட்டதுபோல, படத்திலேயே தகவல் அழிந்திருக்கலாம். அப்போது ஐயத்தைப் படத்தின்மேல் வைப்பதுதான் சரி: ‘இந்த இலக்கம் மறைந்திருக்கிறது’. படம் தெளிவாக இருந்தும் கருவிக்குத் தெரியாமல் போகலாம். ஒரு பறவை பளிச்சென்று தெரிகிறது, ஆனால் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு இனங்களில் எது என்று பிரித்தறியும் அறிவு அதற்கு இல்லை. அங்கே ‘நினைக்கிறேன்’ பொருந்தும். இன்னொரு படம் எடுத்துப் பயனில்லை, பறவை தெரிந்தவரைக் கேட்க வேண்டும். மூன்றாவது வகையில் விடை படத்துக்குள் வரவே முடியாது. ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அம்மாவும் மகளுமா என்று எந்தக் கேமராவும் சொல்லாது. ‘அம்மாவும் மகளும்போலத் தெரிகிறது’ என்பது இங்கே ஐயத்தைச் சொல்வதுபோல ஓர் ஊகத்தை உள்ளே நுழைக்கிறது. ‘ஒரு பெண்ணும் சுமார் பத்து வயதுச் சிறுமியும் நிற்கிறார்கள், அவர்களின் உறவு படத்திலிருந்து தெரியாது’ என்பதுதான் நேரான விளக்கம்.

பார்வையற்றவர்கள் தாங்களே எடுத்த படங்களையும் கேட்ட கேள்விகளையும் கொண்டு 2018-இல் வெளியான விஸ்விஸ் தொகுப்பு இந்தப் பாகுபாட்டின் அவசியத்தை நன்றாகக் காட்டுகிறது. 31,000-க்கும் மேற்பட்ட கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர் தந்த பதில்கள். கால் பங்குக்கு மேற்பட்ட கேள்விகள் பதில் சொல்ல முடியாதவை என்று குறிக்கப்பட்டன: கேட்ட பொருள் படச்சட்டத்துக்கு வெளியே, அல்லது முழுக்க மங்கல், அல்லது இருட்டு. இந்தத் தொகுப்பை வைத்து அடுத்து வந்த ஆய்வு, பத்துப் பேரின் பதில்கள் ஏன் வேறுபடுகின்றன என்று காரணங்களைப் பிரித்தது. படத்தின் தரம் ஒரு காரணம், விடை படத்தில் இல்லாதது இன்னொன்று, கேள்வியே இரு பொருள் தருவது, பார்ப்பவரைப் பொறுத்து மாறுவது, ஒரே விடையை ஒருவர் பொதுவாகவும் மற்றவர் நுணுக்கமாகவும் சொல்வது என்று அது நீள்கிறது. கண்ணுள்ள மனிதர்களே இத்தனை காரணங்களால் வேறுபடும்போது, எல்லாவற்றையும் ஒரே ‘தெரிகிறது’ தாங்க முடியாது.

ஒரு கருவியின் ஐயச்சொல் உண்மையானதா பழக்கமா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. விடை நமக்குத் தெரிந்த நூறு படங்களை எடுத்து, கருவியின் வாக்கியங்களை ஐயத்தோடு வந்தவை, ஐயமின்றி வந்தவை என்று பிரித்து எண்ண வேண்டும். ஐயமின்றிச் சொன்னவற்றில் நூற்றுக்கு 90 சரி, ஐயத்தோடு சொன்னவற்றில் 88 சரி என்று வந்தால் அந்தச் சொல் அலங்காரம்தான். 95-க்கு 55 என்று வந்தால் அதற்கு வேலை இருக்கிறது. இன்னொரு சோதனை இன்னும் நேரடியானது. ஒரே தேதிப் படத்தைப் படிப்படியாக மங்கலாக்கிக் கொண்டே போய்ப் பார்க்கலாம். ஒழுங்கான கருவி முதலில் தேதியைச் சொல்லும், ஒரு கட்டத்தில் இரண்டு சாத்தியங்களைச் சொல்லும், அதற்குப் பிறகு படிக்க முடியவில்லை என்று சொல்லும். பழக்கத்தில் பேசும் கருவி கடைசிவரை ஏதோ ஒரு தேதியை அதே குரலில் சொல்லிக்கொண்டே போகும், எண் மட்டும் மாறிக்கொண்டிருக்கும்.

பயன்படுத்துபவர் உடனடியாகச் செய்யத் தோன்றும் காரியம், “நிச்சயமாகவா?” என்று திருப்பிக் கேட்பது. அதனால் பலன் குறைவு. பல மாடல்கள் அந்தக் கேள்வியை ‘தப்பு செய்துவிட்டாய்’ என்ற சாடையாக எடுத்துக்கொண்டு, சரியாகச் சொன்ன விடையைக்கூட மாற்றிவிடும். படம் கொஞ்சமும் தெளிவாகியிருக்காது, பதில் மட்டும் மாறியிருக்கும். பழைய உரையாடலைத் தொடராமல், புதிதாக ஆரம்பித்து, புட்டியை இன்னும் கிட்டே வைத்து, கோணத்தை மாற்றி இரண்டு மூன்று படம் அனுப்புவது மேல். ஒன்றில் 06, மற்ற இரண்டில் 08 என்று வந்தால், அந்த முரண்பாடே கருவி சொல்லாமல் விட்ட ஐயம். மூன்றிலும் ஒரே பதில் வந்தால் நம்பிக்கை கூடும், ஆனால் தூரமும் கோணமும் வெளிச்சமும் மாறியிருந்தால் மட்டுமே. அதே தூரம், அதே வெளிச்சத்தில் எடுத்த மூன்று படங்களில் அதே பளபளப்பு அதே இடத்தில் விழுந்து அதே தவறு மூன்று முறை வரும்.